குழாயை அடைத்திருப்பது உப்பா, துருவா?

1980-களிலும் 90-களிலும் கட்டிய வீடுகளில் சுவருக்குள் ஓடுவது பெரும்பாலும் ஜி.ஐ. குழாய்தான். இரும்புக் குழாயை உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்துச் செய்தது அது. இந்த வீடுகளில் இப்போது அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது, ஆனால் மாடிக் குளியலறையில் வாளி நிரம்ப மாட்டேன் என்கிறது. பிளம்பரைக் கூப்பிட்டால் ஒருவர், "ஆசிட் விட்டு எடுத்துடலாம் சார்" என்கிறார். இன்னொருவர், "மொத்தமா மாத்திடுங்க, இனிமே தாங்காது" என்கிறார்.

இரண்டு பேர் சொல்வதும் சில வீடுகளுக்குப் பொருந்தும். உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்பது குழாயை அறுத்து உள்ளே பார்த்தால்தான் தெரியும். பார்க்காமல் ஆசிட் ஊற்றிய வீட்டில் ஒரு வாரத்தில் சுவர் நனைகிறது. பார்க்காமல் மாற்றிய வீட்டில் நல்ல குழாயோடு நல்ல டைல்ஸும் உடைபடுகிறது.

இரண்டு படிவுகள்

குழாய்க்குள் சேர்வது இரண்டு வகை. முதல் வகை, தண்ணீர் கொண்டுவந்து ஒட்டவைத்தது. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், குழாயின் உட்சுவரில் சுண்ணாம்புக் கல்லாகப் படிகிறது. குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. தண்ணீர் சூடானால் இந்தச் சுண்ணாம்பு இன்னும் வேகமாகப் பிரிந்து படியும். அதனால்தான் ஒரே குளியலறையில் பச்சைத் தண்ணீர் ஓரளவு வர, கீசர் லைன் மட்டும் சொட்டுகிறது.

இரண்டாவது வகை துரு. இது வெளியிலிருந்து வந்ததல்ல, குழாயே உருமாறியது. துத்தநாகப் பூச்சின் கனம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அது தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காக்கிறது. கடலோரப் பகுதிகளின் உவர்ப்புத் தண்ணீரில் குளோரைடு கூடுதல், அதில் பூச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும். கீசர் 60 டிகிரிக்கு மேல் சுட்டால் இன்னொரு கோளாறும் உண்டு: அந்தச் சூட்டில் துத்தநாகம் இரும்பைக் காக்கும் தன் வேலையையே விட்டுவிடக்கூடும்.

பூச்சு தீர்ந்த இடத்தில் துரு ஒரே சீராகப் பரவுவதில்லை. ஆங்காங்கே மொட்டு மொட்டாகக் கட்டுகிறது. ஒவ்வொரு மொட்டுக்கும் மேலே கெட்டியான பழுப்பு ஓடு, உள்ளே கறுப்புச் சேறு, அதற்கடியில் குழாய்ச் சுவரில் ஒரு பள்ளம். ஓட்டுக்குள் காற்று நுழைவதில்லை, அமிலத்தன்மை ஏறுகிறது, பள்ளம் மேலும் மேலும் ஆழமாகிறது. துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே மொட்டு பெரிதாக இருக்கிறதென்றால், அதன் அடியில் சுவர் மெலிந்திருக்கிறது என்று பொருள்.

முடிவெடுக்க இந்த ஒரு வித்தியாசம் போதும். சுண்ணாம்பை எடுத்தால் அடியில் குழாய் இருக்கும். துருவை எடுத்தால் அடியில் குழாய் இல்லாமலும் போகலாம். பல பழைய லைன்களில் ஊசித் துளைகளை இத்தனை நாள் மூடி வைத்திருப்பதே அந்தத் துரு மொட்டுதான்.

முதலில் எங்கே பழுதாகும்

அரை அங்குல, முக்கால் அங்குல ஜி.ஐ. குழாயில் நடுத்தர வகையின் சுவர் 2.6 மி.மீ. கனம். வாங்கும்போது அதில் நீலப் பட்டை போட்டிருக்கும். எல்போவும் டீயும் மாட்ட முனையில் திரெட் போடும்போது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வெட்டுப்படுகிறது. மிச்சம் ஒன்றரை மில்லிமீட்டர்தான். வெட்டிய இடத்தில் துத்தநாகமும் போய்விடுகிறது. நடுக்குழாய் நன்றாக இருக்கும்போதே ஜாயின்ட் கசிவதற்கு இதுதான் காரணம். குளியலறைச் சுவரின் மறுபக்கம் பெயின்ட் பொங்கி உதிர்கிறது என்றால், பெரும்பாலும் அதற்கு நேரே உள்ளே ஒரு எல்போ இருக்கும்.

துவாரம் சுருங்கினால் வரத்து அதே விகிதத்தில் குறைவதில்லை, அதைவிட வெகு வேகமாகக் குறைகிறது. அரை அங்குல ஜி.ஐ. குழாயின் உள்விட்டம் 16 மி.மீ. அது நெடுக 8 மி.மீ. ஆகிவிட்டால், பாதி அல்ல, ஆறில் ஒரு பங்கு தண்ணீர்தான் வரும். உட்சுவரின் சொரசொரப்பையும் சேர்த்தால் பத்தில் ஒரு பங்குக்கு வந்து நிற்கும். மாடித் தொட்டியிலிருந்து பத்து மீட்டர் கீழே இறங்கினால்தான் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். மாடிக் குளியலறைக்குக் கிடைப்பது அதில் பாதிகூட இல்லை. அதனால் அடைப்பு முதலில் மாடியில் தெரிகிறது, கீழ்வீட்டில் தெரிவதில்லை.

இந்தக் கட்டத்தில்தான் பலர் பிரஷர் பம்ப் வாங்கி மாட்டுகிறார்கள். குழாய் திறந்திருக்கும்போது வரத்து கொஞ்சம் கூடும். மூடியிருக்கும்போது பம்பின் முழு அழுத்தமும் மெலிந்த சுவர் மேலும் திரெட் மேலும் நிற்கும். அடைப்பு அப்படியே இருக்க, கசிவு மட்டும் கூடுதலாகச் சேரும்.

குழாயைக் குற்றம் சொல்லுமுன்

டேப்பைக் கழற்றிவிட்டுக் குழாயிலிருந்து நேராக வாளி பிடியுங்கள். வரத்து நன்றாக இருந்தால் குற்றம் டேப்பின் வாஷரிலோ நுனி வலையிலோ இருக்கிறது. அப்படி இல்லையென்றால் கேட் வால்வைப் பாருங்கள். பழைய கேட் வால்வில் உள்ளே இருக்கும் தகடு தண்டிலிருந்து கழன்று கீழே விழுந்துவிடுவது உண்டு. மேலே கைப்பிடி நன்றாகச் சுற்றும், உள்ளே வழி மூடியே இருக்கும். தொட்டியின் அடிச் சேறு வெளிவாயை அடைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் குழாயைச் சந்தேகிக்க வேண்டும்.

டேப் நுனி வலையில் சிக்கிய துகள்களைக் கீழே கொட்டிவிடாதீர்கள். ஒரு வெள்ளைத் தட்டில் போட்டு, அதன் மேல் வினிகரோ எலுமிச்சைச் சாறோ சில சொட்டு விடுங்கள். நுரைத்துக் கரைந்தால் சுண்ணாம்பு. நுரைக்காமல் பழுப்பாகவோ கறுப்பாகவோ தங்கினால் துரு. கறுப்புத் துகளில் பல காந்தத்தில் ஒட்டும். காலையில் முதலில் வரும் தண்ணீர் மஞ்சளாக வந்து, ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளிந்தால், துரு உங்கள் வீட்டுக் குழாயிலேயே இருக்கிறது. இரவு முழுக்கக் குழாயில் தேங்கி நின்ற தண்ணீர்தான் அந்த நிறத்தில் வருகிறது.

ஒரு வீட்டுக் கணக்கு

தாம்பரம் பக்கம் 1988-ல் கட்டிய ஒரு மாடி வீட்டைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். போர் தண்ணீர், மாடிமேல் தொட்டி. கீழே சமையலறையில் 15 லிட்டர் வாளி மூன்று நிமிடத்தில் நிரம்புகிறது. மாடிக் குளியலறையில் ஒன்பது நிமிடம் ஆகிறது. கீசர் லைனில் நூல் மாதிரிதான் வருகிறது. டேப், வால்வு, தொட்டி வாய் மூன்றும் சோதித்தாகிவிட்டது.

அடுத்த வேலை மாதிரித் துண்டு எடுப்பது. யூனியன் இருக்கும் இடமாகப் பார்த்துத் தொடங்க வேண்டும், பின்னாலிருக்கும் குழாயை இன்னொரு ரென்ச்சால் பிடித்துக்கொண்டுதான் திருக வேண்டும். பிடிக்காமல் திருகினால் அடுத்த திரெட் சுவருக்குள்ளேயே ஒடிந்துவிடும், பார்க்க வந்த வேலை உடைக்கிற வேலையாக மாறிவிடும். இந்த வீட்டில் மூன்று இடங்களில் எடுக்கிறார்கள்: தொட்டியிலிருந்து வரும் ஒன்றேகால் அங்குல லைன், மாடிக் குளியலறையின் முக்கால் அங்குலப் படுக்கை லைன், கீசரிலிருந்து வெளியேறும் அரை அங்குல லைன். ஒவ்வொரு துண்டையும் ஹேக்சாவால் நீளவாக்கில் பிளந்து, ஒரு பாதியை இரவு முழுக்க வினிகரில் ஊறவைக்கிறார்கள்.

தொட்டி லைன் துண்டில் வெள்ளையும் வெளிர்பழுப்புமாக ஒரே சீரான படலம், இரண்டு மி.மீ. கனம். வினிகரில் அது நுரைத்து நெகிழ்ந்து, தேய்த்ததும் உதிர்கிறது. அடியில் துத்தநாகத்தின் சாம்பல் நிறம் இன்னும் தெரிகிறது. முப்பது வருஷத்துக்கு மேல் இந்தக் குழாயைக் காப்பாற்றியதில் அந்தச் சுண்ணாம்புப் படலத்துக்கும் பங்கு உண்டு. மெல்லிய படலமாக இருக்கும்வரை அது தண்ணீருக்கும் உலோகத்துக்கும் நடுவே தடுப்பாக நிற்கிறது.

படுக்கை லைன் துண்டு நேர்மாறு. 21 மி.மீ. துவாரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பென்சில் நுழையும் வழிதான் மிச்சம். வினிகரில் ஊறிய பிறகும் மொட்டுகள் அப்படியே நிற்கின்றன. ஸ்க்ரூ டிரைவரால் ஒரு மொட்டை நெம்பினால் ஓடு பெயர்கிறது, கறுப்புச் சேறு வழிகிறது, அடியில் ஒரு குழி. வெர்னியரால் அளந்தால் அந்த இடத்தில் சுவர் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. இன்னொரு மொட்டை நெம்பியதும் வெளிச்சம் தெரிகிறது. கீசர் லைனில் இரண்டும் கலந்திருக்கிறது: மேலே சுண்ணாம்பு அடுக்கு, நடுவே துரு, மறுபடி சுண்ணாம்பு.

முடிவு இப்போது தானாகவே தெரிகிறது. கீசர் லைனையும் மாடிப் படுக்கை லைனையும் மாற்ற வேண்டும். தொட்டி லைனைச் சுத்தம் செய்தால் போதும். சமையலறை லைனை இப்போதைக்குத் தொட வேண்டாம்: வரத்து இருக்கிறது, கசிவு இல்லை. பழைய ஜி.ஐ. லைனில் காரணமில்லாமல் ரென்ச் போடுவதே ஒரு ஆபத்து. பொதுவான அளவுகோலாக இதை வைத்துக்கொள்ளலாம்: பள்ளம் சுவரில் பாதிக்கு மேல் தின்றிருந்தாலோ, இதற்குமுன் இரண்டு மூன்று இடத்தில் கசிந்து ஒட்டுப் போட்டிருந்தாலோ, சுத்தம் செய்வதில் காசு போட வேண்டாம்.

ஆசிட் எவ்வளவு செய்யும்

சுண்ணாம்பை எடுக்கச் சல்ஃபாமிக் ஆசிட் நல்லது. பொடியாகக் கிடைக்கும், ஹைட்ரோகுளோரிக் ஆசிட் போலப் புகையாது. இரும்பு அரிபடாமல் இருக்க இன்ஹிபிட்டர் கலந்த வகையைத்தான் வாங்க வேண்டும். ஆனால் இன்ஹிபிட்டர் இரும்பைக் காக்கிற அளவுக்குத் துத்தநாகத்தைக் காக்காது. ஒவ்வொரு முறை ஆசிட் விடும்போதும் மிச்சமுள்ள பூச்சில் ஒரு பங்கு போகிறது. ஆகவே ஜி.ஐ. குழாய்க்கு இது வருஷா வருஷம் செய்கிற பராமரிப்பு ஆகாது.

அளவையும் கணக்குப் பார்க்க வேண்டும். முக்கால் அங்குலக் குழாய் 12 மீட்டர் நீளத்துக்கு இரண்டு மி.மீ. சுண்ணாம்பு படிந்திருந்தால், அந்தச் சுண்ணாம்பின் எடை மூன்று கிலோவுக்கு மேல். ஒரு கிலோ சல்ஃபாமிக் ஆசிட் முழுமையாக வேலை செய்தால் கரைப்பது ஏறக்குறைய அரைக் கிலோ சுண்ணாம்பைத்தான். அப்படியானால் ஆறு கிலோவுக்கு மேல் வேண்டும். குழாய்க்குள் கொள்கிற தண்ணீரோ நாலரை லிட்டர் அளவுதான். ஒரு பாட்டில் ஆசிடை மேலே ஊற்றி ஊறவிட்டால் அது கொஞ்ச நேரத்தில் வலுவிழந்துவிடும், பெரும்பகுதிச் சுண்ணாம்பு அப்படியே இருக்கும். முறையாகச் செய்வதென்றால் ஒரு டிரம்மில் 20 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ வீதம் கலந்து, சிறு பம்ப் வைத்துச் சுற்றவிட வேண்டும். நுரைப்பது நின்றதும் கரைசலை மாற்ற வேண்டும்.

கரைசலைக் கீழிருந்து மேலாக ஏற்றி, மேல்முனையைத் திறந்தே வைக்க வேண்டும். சுண்ணாம்பு கரையும்போது கரியமில வாயு கிளம்பும். மூடிய குழாயில் அது அழுத்தமாகிப் பழைய ஜாயின்ட்டைப் பிரித்துவிடும். கீசரையும் டேப்புகளையும் முன்கூட்டியே கழற்றி ஒதுக்கிவிட வேண்டும். திரும்பி வரும் கரைசல் நுரை அடங்கிய பிறகும் நிறம் மாறிக்கொண்டே போனால் இரும்பு கரைகிறது என்று பொருள், அப்போதே நிறுத்திவிட வேண்டும். முடிந்ததும் சலவை சோடா கரைத்த தண்ணீரால் அலசி, பிறகு நல்ல தண்ணீரைத் தாராளமாக ஓடவிட வேண்டும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ஆசிட் இருக்கிற இடத்தில் பிளீச்சிங் பவுடர் வரவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், குளியலறை போன்ற அடைத்த இடத்தில் அது உயிருக்கே ஆபத்து.

நம் கணக்கு வீட்டில் தொட்டி லைன் மொட்டைமாடியில் வெளியே ஓடுகிறது. அதனால் இத்தனை ஏற்பாடும் வேண்டியதில்லை. யூனியனில் கழற்றித் தரையில் வைத்தே ஊறவைத்துச் சுத்தம் செய்யலாம். திரெட் பலமாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு மறுபடி மாட்டலாம். சுவருக்குள் கசிந்தால் என்ன செய்வது என்ற பயமும் இல்லை. ஆசிட் பொருந்துவது இப்படிப்பட்ட இடத்துக்குத்தான்: படிவு சுண்ணாம்பு மட்டும், சுவர் கெட்டி, குழாய் கைக்கு எட்டும் தூரம்.

மாற்றும்போது செய்யும் தவறுகள்

மாற்றுவது என்று முடிவானால் வீட்டுக்குள் இப்போது வழக்கமாகப் போடுவது சி.பி.வி.சி. குழாய், வெந்நீருக்கும் தாங்கும். இங்கே பலர் ஏமாறுவது அளவில். அரை அங்குல ஜி.ஐ. குழாயின் துவாரம் 16 மி.மீ.; அரை அங்குல சி.பி.வி.சி.யின் துவாரம் 12 மி.மீ. சொச்சம்தான். இரண்டிலும் ‘அரை’ என்றே எழுதியிருக்கும். அரைக்கு அரை என்று மாற்றினால், புதுக் குழாய் போட்டும் வரத்து திருப்தியாக இருக்காது. தொட்டியின் உயரத்தை மட்டுமே நம்பியிருக்கும் மாடி லைனுக்கு ஒரு அளவு கூட்டி முக்கால் போட வேண்டும். டேப்புக்குள் நுழையும் கடைசித் துண்டு மட்டும் அரை இருந்தால் போதும்.

செலவில் பெரும்பங்கு குழாய்க்குப் போவதில்லை. காடி வெட்டுவதற்கும், பூசுவதற்கும், டைல்ஸ் ஒட்டுவதற்கும்தான் போகிறது. பழைய குழாயை வெளியே பிடுங்க வேண்டிய தேவையே இல்லை. இரு முனைகளையும் துண்டித்து மூடிவிட்டு, சுவருக்குள் அப்படியே விட்டுவிடலாம். புது லைனை வீட்டின் வெளிச்சுவரில் இறக்கி, டேப் இருக்கும் இடத்துக்கு நேராக மட்டும் துளைபோட்டு உள்ளே கொண்டுவந்தால் டைல்ஸ் சேதம் வெகுவாகக் குறையும். வெயிலில் ஓடும் சி.பி.வி.சி.க்குத் தண்ணீரில் கலக்கும் வெளிர்நிறப் பெயின்ட் அடிக்க வேண்டும். வெந்நீர் லைன் மூன்று மீட்டர் இருந்தால் சூட்டில் ஆறேழு மி.மீ. நீளும், அது நகர இடம்விட்டு கிளாம்ப் அடிக்க வேண்டும்.

கசிந்த துண்டை மட்டும் வெட்டி அங்கே புது ஜி.ஐ. துண்டு வைப்பது சிக்கனம் போலத் தோன்றும். புதுத் துண்டின் துத்தநாகம், பக்கத்திலிருக்கும் பழைய துருப்பிடித்த இரும்புக்கும் சேர்த்துக் கரையத் தொடங்குகிறது. அதனால் புதுத் துண்டு தன் காலத்துக்கு முன்பே கெட்டுப்போகிறது. ஒரு லைனை மாற்றுவதென்றால் தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம்வரை முழுதாக மாற்றுங்கள். பணம் ஒரேயடியாகப் புரளாவிட்டால் லைன் லைனாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வெந்நீர் லைன் முதலில், சுவருக்குள் ஓடும் படுக்கை லைன் அடுத்து, கண்ணுக்குத் தெரியும் செங்குத்து லைன் கடைசியில். கண்ணுக்குத் தெரிகிற குழாய் கசிந்தால் உடனே தெரிந்துவிடும், அது காத்திருக்கலாம்.

வேலை தொடங்குமுன் எலெக்ட்ரீஷியன் ஒருவரையும் கட்டாயம் கூப்பிட வேண்டும். சில பழைய வீடுகளில் தனி எர்த் போடாமல், எர்த் கம்பியை ஜி.ஐ. குழாயில் சுற்றி வைத்திருப்பார்கள். குழாயின் நடுவே பிளாஸ்டிக் வந்த கணத்தில் அந்த எர்த் அறுந்துபோகிறது. அதன் பிறகு கீசரிலோ வாஷிங் மெஷினிலோ மின்கசிவு வந்தால் அது மண்ணுக்குள் இறங்க வழி இருக்காது. ஈரக் கையோடு டேப்பைத் தொடுகிறவர் மேல்தான் பாயும். பழைய குழாயில் முதல் வெட்டு விழுமுன் வீட்டுக்குத் தனி எர்த் இருக்கிறதா என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் முதலில் அதைப் போட்ட பிறகுதான் குழாயில் ஹேக்சா வைக்க வேண்டும்.

புது லைனை மூடிப் பூசுவதற்கு முன், பசை காய ஒரு நாள் விட்டு, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றிச் சோதித்துக் காட்டும்படி பிளம்பரிடம் கேளுங்கள். மீட்டரின் முள் இறங்காமல் நின்றால்தான் கொத்தனார் கரண்டியை எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒவ்வொரு சுவரையும், அளவு நாடாவைப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஆணி அடிக்கிறவருக்கும், டைல்ஸ் மாற்றுகிறவருக்கும், இந்த வீட்டில் உங்களுக்குப் பின் குடியிருக்கப்போகிறவருக்கும் குழாய் எங்கே ஓடுகிறது என்பது சுவரை உடைக்காமலே தெரிந்துவிடும்.